வியாழக்கிழமை வாங்கிய புடவை

அருள், இந்தக் கடிதத்தை நீ நின்றுகொண்டு படிக்காதே. உன் கிண்டி அறையில் அந்த ஒற்றை நாற்காலி மேல் துணி குவித்து வைத்திருப்பாய், அதை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார். போனில் சொல்லியிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வரும்போது நேரிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். நேரில் ஆரம்பித்தால் நடுவில் அழுவேன், நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாய், அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே பாதியை முழுங்கிவிடுவேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பிள்ளைகளிடம் விடை மட்டும் போதாது, வழிமுறை எழுது என்று கத்தியிருக்கிறேன். இன்றைக்கு என் முறை.

தினேஷுக்குக் கல்யாணம். போன வாரம் அவன் அம்மா ராயப்பேட்டையிலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்து பத்திரிகை வைத்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "அருள் வருவானா டீச்சர்? மாப்பிள்ளைத் தோழனா அவன்தான் நிக்கணும்னு இவன் வேற யாரையும் சொல்லவே இல்ல" என்றார். நான் சிரித்தேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றேன். ஏழு மாதமாக நீ தினேஷோடு பேசவில்லை. ஜெனியைப் பற்றி நீ அவனை நம்பிச் சொன்னதை அவன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவன் சொல்லவில்லை, அருள். நான் சொன்னேன்.

இப்போது எழுந்து நடக்காதே. முழுசாகப் படி, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? மாதா கோவில் பூசை முடிந்து வந்து நான் சமையலறையில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீ வந்து ஃபிரிட்ஜ் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாய். சின்ன வயதில் மார்க் குறைந்தால் அப்படித்தான் நிற்பாய். "அம்மா, ஜெனிகிட்ட சொல்லலாம்னு இருக்கேன்" என்றாய். என்ன சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கவே இல்லை. புதுநன்மை வகுப்பில் உன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள், நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உன்னோடும் தினேஷோடும் என்னிடம் அல்ஜீப்ரா படித்தவள், பதினாறு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் கோவில் பாட்டுப் பயிற்சியில் உன் தோளுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். அவளிடம் ஒரு பையன் இப்படி முகத்தை வைத்துக்கொண்டு வேறு எதைச் சொல்வான்?

எனக்கு ஆச்சரியமாக இருந்தது நீ யோசித்து வைத்திருந்த விதம்தான். ஆறு மாதம் சும்மா இருந்து பார்த்தேன் என்றாய். தனிமையில் வந்த நினைப்பாக இருந்தால் தானாகப் போய்விடும், அதற்குப் போய் அவளைக் கலைக்கக் கூடாது என்று காத்திருந்தாயாம். போகவில்லையாம். அவளுக்கு வேறு யாரும் இல்லை என்பது அவளே பேச்சுவாக்கில் சொன்னது, நீ யாரையும் விட்டு விசாரிக்கவில்லை. அவள் பிறந்தநாளன்று வேண்டாம், திருவிழாவன்று வேண்டாம், நாலு பேர் நடுவில் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாய். உன் பைக்கில் கூட்டிக்கொண்டு போனால் திரும்ப வரவும் உன்னையே நம்ப வேண்டியிருக்கும், அதனால் அவள் வேலை செய்யும் அடையாறிலேயே, அவள் ஸ்கூட்டர் வாசலில் நிற்கும்படி ஒரு காபிக் கடையில், வருகிற சனிக்கிழமை பகல் நேரத்தில். பிடிக்கவில்லை என்றால் அந்த நிமிஷமே எழுந்து போக அவளுக்கு வழி இருக்க வேண்டும் என்றாய். வாட்ஸாப்பில் அனுப்பலாமா என்று தினேஷிடம் கேட்டதாகவும், அவன், "போடாத மச்சி. அப்புறம் ப்ளூ டிக்கயே பாத்துக்கினு குந்தினு இருப்ப. மூஞ்சிக்கு நேரா சொல்லு, சுருக்கா சொல்லு" என்று சொன்னதாகவும் சொல்லிச் சிரித்தாய். தினேஷிடம் சொன்னது உனக்குத் தைரியம் வர. என்னிடம் சொன்னது எதற்கு என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. அம்மா என்பதால் சொன்னாய், அவ்வளவுதான்.

அப்புறம் நீ சொல்லப் போவதை என்னிடம் ஒப்பித்துக் காட்டினாய். "ஜெனி, எனக்கு உன்மேல ஃப்ரெண்டுங்கறத தாண்டி ஒரு ஆசை இருக்கு. அதை மறைச்சு வெச்சுக்கிட்டு உன் பக்கத்துல நிக்கிறது உன்னை ஏமாத்துற மாதிரி இருக்கு, அதான் சொல்றேன். இப்ப பதில் வேணாம். வேணாம்னு தோணுச்சுன்னா காரணம் சொல்லவும் வேணாம், நான் இன்னொரு தடவ கேக்க மாட்டேன். எனக்குக் கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும், அது என் பாடு, அதை நீ சரி பண்ண வேண்டியதில்ல. செவ்வாய்க்கிழமை நீ எப்பவும் நிக்கிற இடத்துல நில்லு, நானும் நிப்பேன்." செதிலோடு இருந்த கையைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வயிற்றில் பிறந்தவனா இது என்றிருந்தது. உன் அப்பா என்னைப் பெண் பார்க்க வந்தபோது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, கேசரி இன்னும் கொஞ்சம் என்று மட்டும் கேட்டார். "கடைசி வரி மட்டும் இன்னும் மெதுவா சொல்லு" என்று உனக்குத் திருத்தம் வேறு சொன்னேன். நீ போகும்போது திரும்பி, "ஒண்ணே ஒண்ணும்மா. ஸ்டெல்லா ஆன்ட்டிகிட்ட மட்டும் வாயத் தொறக்காத. அவளுக்கு முதல்ல என் வாயாலதான் தெரியணும்" என்றாய். ஜெனியின் அம்மா ஸ்டெல்லா என் இருபத்தைந்து வருஷத் தோழி என்பதால் கேட்டாய். "சீ, போடா. எனக்கு அதுகூடத் தெரியாதா?" என்றேன்.

அந்த வாரமே வியாழக்கிழமை நானும் ஸ்டெல்லாவும் தி.நகர் போனோம். பாடகர் குழுப் பெண்களுக்குத் திருவிழாவுக்கு ஒரே மாதிரிப் புடவை எடுக்கும் பொறுப்பு எங்களுடையது. கடையில் புடவைகளை விரித்துப் போட்டிருக்க, ஸ்டெல்லா காதோரம் வந்து, "பெங்களூர்ல இருந்து ஜெனிக்கு ஒரு வரன் வந்திருக்கு. பையன் போட்டோ பாக்குறியா?" என்றாள். போனில் காட்டினாள். நல்ல பையன்தான், பாவம், கழுத்து தெரியாமல் கோட்டு போட்டிருந்தான். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் இவர்கள் அங்கே சரி என்று சொல்லிவிட்டால்? என் பிள்ளை ஆறு மாதம் காத்திருந்து காபிக் கடையில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்க, கோட்டுக்காரன் கொத்திக்கொண்டு போய்விட்டால்?

உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன் என்று எழுத ஆசை. ஆனால் வழிமுறையை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஜெனி மருமகளாக வேண்டும் என்ற ஆசை உனக்கு அந்த ஆசை வருவதற்கு முன்னாலிருந்தே உண்டு. அந்த ஆசைதான் வாயைத் திறந்தது. "அந்த வரன எதுக்குப் பாக்குற? என் பையன் இருக்கும்போது" என்றேன். ஸ்டெல்லா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, அடையாறு, காபிக் கடை, நீ ஒப்பித்த வரிகளில் பாதி. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடை நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட புடவை ஒன்று மேலாகக் கிடந்தது. "இது ஜெனிக்கு எப்படி இருக்கும்?" என்றாள். நான்தான் அதை எடுத்து விற்பனைப் பெண்ணிடம் தனியாகக் கட்டச் சொன்னேன். "இத என் கணக்குல வாங்கிக்கிறேன். மாமியார் எடுத்த முதல் புடவையா இருக்கட்டும்" என்று சொன்னேன். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. பையை அவள் கையில் கொடுத்து, "சனிக்கிழமை வரைக்கும் மூச்சு விடக்கூடாது" என்றேன். "மாதா மேல சத்தியம்" என்றாள் ஸ்டெல்லா. நாலே நாளில் உடைந்த என் சத்தியத்துக்கு அவளுடைய சத்தியத்தைக் காவல் வைத்துவிட்டு, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் கரும்புச் சாறு குடித்துவிட்டு வந்தேன்.

அவள் அன்று சாயங்காலமே ஜெனியிடம் சொல்லிவிட்டாள். புடவையையும் கொடுத்துவிட்டாள். வீட்டில் அப்பா, தம்பி எல்லாருக்கும் விஷயம் போய்விட்டது. சனிக்கிழமை நீ ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசியபோது, ஜெனி இரண்டு நாளாக அந்தப் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். நீ என்னை அனுப்பிப் புடவை கொடுத்து வீட்டாரைச் சரிக்கட்டிவிட்டு, அதன்பிறகு எதிரில் வந்து உட்கார்ந்து 'இப்ப பதில் வேணாம்' என்று சொல்கிறாய் என்று அவள் நினைத்தாள். நீ எவ்வளவு மெதுவாகப் பேசினாயோ அவ்வளவு பொய்யாகப் பட்டிருக்கிறது. நான் மெதுவாகச் சொல்லச் சொன்ன கடைசி வரி வந்தபோதுதான் அவள் எழுந்தாளாம். "எங்க வீட்ல எல்லாருக்கும் வியாழக்கிழமையே தெரியும். நடிக்காத அருள்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். நீ பின்னால் ஓடவில்லை. அவள் எழுந்தால் துரத்தக் கூடாது என்று நீயே போட்ட விதி. அந்த விதியை நீ இன்றுவரை காப்பாற்றுகிறாய், என் பொய்யும் அதன் நிழலில் சுகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நீ கேட்ட கேள்வி, "அம்மா, ஸ்டெல்லா ஆன்ட்டிகிட்ட சொன்னியா?" உன் முகத்தில் கோபம் கூட இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றே நீ அடையாறுக்குத் திரும்பிப் போயிருப்பாய். நான், "நானா? எனக்கு வேற வேலையில்லயா?" என்றேன். அத்தோடு விட்டிருந்தாலும் பாவம் ஒன்றோடு போயிருக்கும். "தினேஷ்கிட்டயும் சொன்னேல்ல?" என்று ஒரு கேள்வி கேட்டேன். குற்றம் சாட்டவில்லை பார், கேள்விதான் கேட்டேன். ஜெனியின் தம்பி எந்நேரமும் தினேஷின் மொபைல் கடையில்தான் கிடப்பான் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மிச்சத்தை நீயே போட்டுக்கொண்டாய். ஒரு மாதத்தில் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினாய், அடுத்த மாதம் ஆபீஸ் பக்கம் என்று சொல்லி கிண்டிக்குப் பெட்டியைக் கட்டினாய்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை நீ ஆபீஸ் போனபின் ஜெனி வந்தாள். உள்ளே வரவில்லை. பையை வாசற்படியில் வைத்து, "இது உங்களோடது ஆன்ட்டி" என்றாள். அவளை மடியில் வைத்துப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள் நான். அப்போதாவது, 'அவனுக்கு எதுவும் தெரியாதும்மா' என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் உன்னிடம் சொல்வாள், நீ என்னிடம் வருவாய். பையை எடுத்து பீரோவில் பழைய போர்வைகளுக்கு அடியில் வைத்தேன்.

என் கோபமெல்லாம் ஸ்டெல்லா மேல் போயிற்று. கோவில் வாசலில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டேன். "மாதா மேல சத்தியம் பண்ணிட்டு ஏமாத்திட்டியே, இருபத்தஞ்சு வருஷம் பழகினதுக்கு இதுவா?" என்றேன். ஸ்டெல்லா சத்தம் போடவில்லை. "உன் பிள்ள சொன்னத நீ எங்கிட்ட சொல்லலாம். நான் என் பொண்ணுகிட்ட சொல்லக் கூடாதா?" என்றாள். அதன்பிறகு பூசையில் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உட்காருகிறோம். துரோகி, துரோகி என்று ஜெபமாலை மணியை உருட்டும்போதுகூட மனசு அவளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பத்திரிகை வந்த மறுநாள் உன் அப்பாவிடம் சொன்னேன். டிவியை அணைத்தார். மூன்றாம் நாள், "அந்தப் பையன்கிட்ட மொதல்ல போ" என்றார்.

தினேஷ் கடைக்குப் போனேன். யாருடைய போனையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். சொன்னேன். திருப்புளியைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தான். "இன்னா ஆன்ட்டி நீங்க... ஏழு மாசமா நான் இன்னா தப்பு பண்ணேன்னு மண்டைய ஒடச்சிக்கினு கீறேன். நாலு வாட்டி அவன் ரூமாண்ட போய் நின்னேன். கதவத் தொறக்கல" என்றான். அவன் அழவில்லை, எனக்காக டீ சொன்னான். அந்த டீயைக் குடிப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? எழும்போது, "அவனும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நீதானாடான்னு" என்றான். இதில் உனக்கும் பங்கு இருக்கிறது, அருள். மன்னித்துக்கொள், இந்த நேரத்திலும் அம்மா புத்திமதி சொல்கிறாள். ஒரு பெண் எழுந்து போனால் துரத்தாமல் இருப்பது சரி. ஆனால் ஒரு நண்பன் மேல் சந்தேகம் வந்தால் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் இருப்பது சரியில்லை. ஜெனிக்குக் கொடுத்த மரியாதையில் கால்வாசி தினேஷுக்குக் கொடுத்திருந்தால் என் பொய் ஒரு நாள்கூட நின்றிருக்காது.

நேற்று மதியம் அடையாறு போனேன். ஜெனி வேலை செய்யும் கிளினிக்கில் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்தாள். பக்கத்தில் மரத்தடியில் நின்றபடியே பேசினோம். நீ என்னிடம் வாங்கிய வாக்கிலிருந்து நான் பையை ஒளித்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன். நீ எதையும் அனுப்பவில்லை, அந்தப் புடவை இருப்பதே உனக்குத் தெரியாது என்று சொன்னபோது அவள் சாப்பாட்டு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்போ அன்னிக்கு அவன் பேசினது எல்லாமே நெசமா?" என்றாள். ஆமாம்மா என்றேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பதினாறு வருஷமா எங்கிட்ட ஒரு பொய் சொல்லாதவன், அன்னிக்கு மட்டும் நடிக்கிறான்னு எப்படி ஆன்ட்டி நான் நம்பினேன்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. இருக்கட்டும். "அவன் தனியா கேட்டான். நான் அவனுக்கு மட்டும்தான் பதில் சொல்லணும்னு கேட்டான். நீங்க புடவை குடுத்து அத ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல வெச்சுட்டீங்க. நான் வேணாம்னு சொன்னா அம்மா அழுவாங்க, வேணும்னு சொன்னா புடவைக்காக சொன்ன மாதிரி ஆயிடும். என்னால அவன்கிட்ட எதுவுமே சொல்ல முடியல. எதுவா இருந்தாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் பக்கத்துல நின்னு பாடியிருப்பேன் ஆன்ட்டி" என்றாள்.

அந்தப் புடவையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பீரோவைத் திறந்தாலே போர்வைக்கு அடியில் அது இருப்பது தெரிகிறது. நீ வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். நீ வராமலும் இருக்கலாம். எனக்கு அது புரியும். ஞாயிற்றுக்கிழமை உனக்கும் சேர்த்துத்தான் சமைப்பேன், வராவிட்டால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, நான் போன் போட்டுத் துரத்த மாட்டேன். இந்த வரியை உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். தினேஷ் கல்யாணத்துக்கு மட்டும் போ. எனக்காக இல்லை, அவன் இன்னும் உன் இடத்தில் வேறு யாரையும் நிறுத்தவில்லை.

இன்னும் ஒன்று. கிளம்பும் முன் ஜெனி, அன்றைக்குப் புடவை வராமல் இருந்திருந்தால் உனக்கு என்ன பதில் சொல்லியிருப்பாள் என்பதை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "இத நீங்க சொல்லக் கூடாது ஆன்ட்டி. அவன் என்கிட்ட வந்து பேசினா, அவனுக்கு முதல்ல என் வாயாலதான் தெரியணும்" என்றாள். நீ அன்றைக்குச் சமையலறையிலிருந்து போகும்போது திரும்பிச் சொன்ன அதே வார்த்தை. நீங்கள் இரண்டு பேரும் பதினாறு வருஷம் ஒன்றாகப் பாடியவர்கள் இல்லையா.

ஆகவே அருள், அவள் பதில் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் படித்தாலும் அது இதில் இருக்காது.

அம்மா